சுடோகுவில் எக்ஸ்-விங்: நான்கு மூலைகள், இரண்டு வழிகள், எட்டு அழிப்புகள்

சுடோகு போடுகிறவர்கள் நாலு பேர் கூடினால் எக்ஸ்-விங் என்ற உத்தியின் பெயர் எப்படியும் வந்துவிடும். "ஒரே எண் செவ்வகத்தின் நாலு மூலையிலும் இருந்தால் மற்றதையெல்லாம் அடிச்சுடலாம்" என்பார் ஒருவர். "குறுக்கே எக்ஸ் போட்டு, அந்தக் கோட்டில் இருப்பதைத்தான் அழிக்கணும்" என்பார் இன்னொருவர். "அதெல்லாம் ஊகம்தானே" என்று மூன்றாமவர் கையை விரிப்பார். மூன்றுமே தவறு. முதல் ஆள் பாதி சரி, ஆனால் அந்தப் பாதி சரிதான் ஆபத்து. அதை நம்பிப் புதிரைக் கெடுத்துக்கொண்ட அனுபவம் எனக்கே உண்டு. ஏறக்குறைய முடிந்துவிட்ட புதிரில் ஒரே வரிசையில் இரண்டு 6 வந்து நிற்கும். எங்கே தவறினோம் என்று தேடினால் எங்கோ முன்னால் அவசரமாக அழித்த ஒரு பென்சில் எண்ணில் போய் முடியும்.

எக்ஸ்-விங் ஊகமே கிடையாது, முழுக்க முழுக்கக் கணக்கு. அது ஏன் வேலை செய்கிறது என்பது புரிந்துவிட்டால், எதை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

## முதலில் நான்கு சொற்கள்

சுடோகுவின் விதி தெரிந்ததுதான். 1 முதல் 9 வரையுள்ள ஒவ்வொரு எண்ணும் ஒவ்வொரு வரிசையிலும், ஒவ்வொரு பத்தியிலும், மூன்றுக்கு மூன்று பெட்டி ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு முறை வரவேண்டும். இங்கே வரிசை என்றால் இடமிருந்து வலம் போவது. பத்தி என்றால் மேலிருந்து கீழ் வருவது. பள்ளிக்கூடத்தில் நிரை, நிரல் என்று படித்தது இதைத்தான். அந்த இரண்டு சொல்லும் கேட்க ஒன்றுபோல இருந்து குழப்பும் என்பதால் வரிசை, பத்தி என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு எண் எழுதும் சின்னச் சதுரம் கட்டம். ஒரு கட்டத்தைக் குறிக்க (2,3) என்று எழுதினால் 2-ஆம் வரிசை, 3-ஆம் பத்தி என்று பொருள். முதலில் வரிசை, பிறகு பத்தி.

கடைசியாக, வாய்ப்பு எண். காலியாக இருக்கும் ஒரு கட்டத்தில் இப்போதைக்கு வரக்கூடிய எண்கள் எல்லாமே அந்தக் கட்டத்தின் வாய்ப்பு எண்கள். பென்சிலால் மூலையில் பொடியாக எழுதிவைப்போமே, அவைதான். எக்ஸ்-விங் தொடுவது இந்தப் பொடி எண்களை மட்டும். நேரடியாக எந்த விடையையும் அது தராது. சில இடங்களில் 'இங்கே இது வராது' என்று சொல்லும், அவ்வளவுதான்.

## இரண்டு கார், இரண்டு முன் ஸீட்

கல்யாணத்துக்குக் கிளம்புகிறோம். வாசலில் ஒரு வெள்ளைக் கார், ஒரு சிவப்புக் கார். ஒவ்வொன்றிலும் டிரைவர் பக்கத்தில் ஒரே ஒரு முன் ஸீட். அத்தைக்கு முழங்கால் வலி, காலை நீட்டாமல் உட்கார முடியாது. சித்தப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்தால் வாந்தி. ஆக இரண்டு பேருக்கும் முன் ஸீட் கட்டாயம். வேறு வண்டியும் கிடையாது.

யார் எந்தக் காரில் ஏறுவார் என்று இன்னும் முடிவாகவில்லை. அத்தை வெள்ளைக் காரில் ஏறினால் சித்தப்பா சிவப்புக்குப் போயாக வேண்டும். அத்தை சிவப்பு என்றால் சித்தப்பா வெள்ளை. இதற்குள் பிள்ளைகள் "முன் ஸீட் எனக்கு" என்று சண்டையை ஆரம்பித்தாயிற்று. அவர்களிடம் இப்போதே சொல்லிவிடலாம்: "ரெண்டு காரிலும் முன்னால இடம் இல்லை, பின்னால ஏறுங்க." யார் எங்கே உட்காரப்போகிறார் என்பது தெரியாது. ஆனாலும் இரண்டு ஸீட்டும் போய்விட்டது என்பது நிச்சயமாகத் தெரியும்.

எக்ஸ்-விங் என்பது இவ்வளவுதான். அத்தையும் சித்தப்பாவும் இரண்டு வரிசைகள். கார்கள் இரண்டு பத்திகள். முன் ஸீட் என்பது நாம் தேடும் எண், ஒரு பத்திக்கு ஒன்றே ஒன்று. சண்டை போடும் பிள்ளைகள் மற்ற வரிசைகள்.

## உண்மையான ஒரு புதிரில்

கீழே உள்ளது பாதிக்கு மேல் முடிந்த ஒரு புதிர். புள்ளி இருக்கும் இடமெல்லாம் காலிக் கட்டம்.

```
        1 2 3   4 5 6   7 8 9
    1   6 2 . | . 5 . | 1 7 .
    2   1 7 . | 6 2 9 | 8 . 3
    3   . . . | 7 1 . | 6 . .
        ------+-------+------
    4   5 3 7 | . . 6 | . . .
    5   2 6 . | 5 9 1 | 3 . 7
    6   . 9 1 | 3 7 . | . 6 5
        ------+-------+------
    7   3 . . | 9 6 7 | . . .
    8   7 . 6 | 1 . . | . 3 .
    9   9 1 . | . 3 5 | 7 . 6
```

முடிந்தால் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு மேலே படியுங்கள். பார்க்கச் சுலபமாகத் தெரியும். 46 கட்டங்கள் நிரம்பிவிட்டன, 35தான் பாக்கி. ஆனால் உட்கார்ந்து பார்த்தால் வண்டி நகராது. 'இந்தக் கட்டத்தில் இந்த ஒரு எண்தான் வரமுடியும்' என்று சொல்லக்கூடிய கட்டம் ஒன்றுகூட இல்லை. 'இந்த வரிசையில் இந்த எண்ணுக்கு இந்த ஒரே இடம்தான்' என்று சொல்லும்படியும் எதுவும் இல்லை. பத்திரிகையில் வரும் எளிய புதிர்கள் இந்த இரண்டு வகையிலேயே முடிந்துவிடும். அவற்றையே போட்டுப் பழகியவர்கள் பென்சிலைக் கீழே வைக்கும் இடம் இது.

இப்போது 4 என்ற எண்ணை மட்டும் பாருங்கள். இந்தப் புதிரில் ஒரு 4கூட இன்னும் விழவில்லை. அதனால் தடுக்க ஆளில்லாமல், காலியாக இருக்கும் 35 கட்டங்களிலும் 4 ஒரு வாய்ப்பு எண்ணாக உட்கார்ந்திருக்கிறது. இப்படி எங்கும் பரவிக் கிடக்கும் எண்ணை நாம் பொதுவாகக் கண்டுகொள்வதே இல்லை, 'இது இப்போதைக்கு ஆகாது' என்று தள்ளிவிடுவோம். ஆனால் பிடி இங்கேதான் இருக்கிறது.

வரிசை வரிசையாக 4-க்கு எத்தனை இடம் என்று எண்ணுங்கள். முதல் வரிசையில் நான்கு, மூன்றாவதில் ஆறு, நான்காவதில் ஐந்து. எல்லாம் கூட்டம். ஆனால் 2-ஆம் வரிசையில் இரண்டே இரண்டு: (2,3), (2,8). 5-ஆம் வரிசையிலும் இரண்டே இரண்டு: (5,3), (5,8).

இரண்டு வரிசையிலும் அதே 3-ஆம் பத்தி, அதே 8-ஆம் பத்தி. அத்தையும் சித்தப்பாவும் வந்தாயிற்று.

## பெயரில் இருக்கும் எக்ஸ்

2-ஆம் வரிசைக்கு ஒரு 4 கட்டாயம் வேண்டும். அது (2,3)-இல் விழுந்தால் 3-ஆம் பத்தியின் 4 தீர்ந்தது. அப்போது (5,3)-இல் 4 வரமுடியாது, 5-ஆம் வரிசையின் 4 (5,8)-க்குப் போகும். மாறாக 2-ஆம் வரிசையின் 4 (2,8)-இல் விழுந்தால், அதே காரணத்தால் 5-ஆம் வரிசையின் 4 (5,3)-க்கு வரும்.

இருப்பது இந்த இரண்டு வழிதான். முதல் வழியில் மேல் இடது மூலையும் கீழ் வலது மூலையும் சேரும். இரண்டாவதில் மேல் வலதும் கீழ் இடதும் சேரும். இரண்டையும் கோடு போட்டு இணைத்தால் எக்ஸ் எழுத்து வருகிறது. ஒரு கோடு ஒரு வழி, மற்றது இன்னொரு வழி. அந்தக் கோடுகளுக்கு அதற்கு மேல் வேலை இல்லை. கோட்டின்மேல் நடுவில் இருக்கும் கட்டங்களுக்கும் எக்ஸ்-விங்குக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. குறுக்குக் கோட்டில் அழிக்கச் சொல்லும் அந்த இரண்டாம் ஆள் ஏமாறுவது இங்கேதான். அழிக்க வேண்டியது நெட்டுக்குத்தாகப் போகும் பத்திகளில்.

எந்த வழி உண்மை என்று இப்போது தெரியாது. தெரியவும் வேண்டாம். முதல் வழியில் 3-ஆம் பத்தியின் 4 (2,3)-இல் இருக்கும், இரண்டாவதில் (5,3)-இல் இருக்கும். எப்படியானாலும் அந்த இரண்டில் ஒன்றில்தான். 8-ஆம் பத்திக்கும் இதே கதை. ஆகவே இந்த இரண்டு பத்திகளிலும் வேறு எந்தக் கட்டத்திலும் 4 வரவே முடியாது.

3-ஆம் பத்தியில் (1,3), (3,3), (7,3), (9,3) ஆகியவற்றில் இருக்கும் பொடி 4-களை அழிக்கலாம். 8-ஆம் பத்தியில் (3,8), (4,8), (7,8), (9,8). மொத்தம் எட்டு. மூன்றுக்கு மூன்று பெட்டியைப் பற்றி நாம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். இந்த வாதம் முழுக்க வரிசையையும் பத்தியையும் வைத்து மட்டுமே நிற்கிறது. எனவே அழிப்பும் பத்தியோடு நின்றுவிட வேண்டும். 'மூலை இந்தப் பெட்டியில் இருக்கிறதே' என்று பெட்டிக்குள் இருக்கும் மற்ற 4-களையும் சேர்த்து அழித்தால் புதிர் கெட்டுவிடும்.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: ஒரு எண்ணுக்கு இரண்டு வரிசைகளில் தலா இரண்டே இடம், அந்த இடங்கள் ஒரே இரண்டு பத்திகளில். அப்போது அந்தப் பத்திகளில் மற்ற வரிசைகளில் இருக்கும் அந்த எண்ணை அழிக்கலாம்.

## அழித்த பிறகு நடப்பது

எட்டு பொடி எண்களை அழித்தாயிற்று. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றும். இங்கேயே பலர் எழுந்து போய்விடுகிறார்கள். அழித்த இடங்களின் வரிசைகளை ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும்.

9-ஆம் வரிசையைப் பாருங்கள். அதில் மூன்று காலிக் கட்டங்கள்: (9,3), (9,4), (9,8). பாக்கி எண்கள் 2, 4, 8. சற்று முன்புவரை மூன்று கட்டத்திலும் 2, 4, 8 மூன்றுமே எழுதியிருந்தது, பிரிக்க வழியில்லை. இப்போது (9,3)-இலும் (9,8)-இலும் 4 போய்விட்டது. 9-ஆம் வரிசையின் 4-க்கு மிஞ்சியது (9,4) மட்டுமே. இந்தப் புதிரின் முதல் 4 விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு சரம் அவிழ்வதைப் பாருங்கள். 4-ஆம் பத்தியில் பாக்கி (1,4), (4,4). (1,4)-இல் 4, 8 இரண்டுதான் வாய்ப்பு, 4 இப்போது கிடையாது, எனவே 8. அப்படியானால் (4,4)-இல் 2. 5-ஆம் பத்தியில் (4,5), (8,5) இரண்டும் 4-க்கும் 8-க்கும் காத்திருந்தன. கீழ் நடுப்பெட்டிக்கு 4 வந்துவிட்டதால் (8,5)-இல் 8, (4,5)-இல் 4. நடுப்பெட்டியில் மிஞ்சியது (6,6), அது 8. 6-ஆம் வரிசையில் இப்போது 2, 4 இரண்டுதான் பாக்கி. முதல் பத்தியில் 2 ஏற்கெனவே இருப்பதால் (6,1)-இல் 4, (6,7)-இல் 2. இடது நடுப்பெட்டிக்கு 4 கிடைத்துவிட்டதால் (5,3)-இல் 8.

(5,3) நம் செவ்வகத்தின் ஒரு மூலை. அது 4 இல்லை என்றானதும் (5,8)-இல் 4, (2,3)-இல் 4, (2,8)-இல் 5. அத்தை வெள்ளைக் காரில் ஏறினாரா சிவப்பிலா என்பது இப்போதுதான் தெரிகிறது. தெரியாமலேயே நாம் பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிவிட்டோம், அந்த முடிவும் சரியாகத்தான் இருந்தது. மீதிப் புதிர் சாதாரண வழிகளிலேயே முடிந்துவிடும்.

ஊகத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இதுதான். ஊகத்தில் (2,3)-இல் 4 என்று எழுதிவைத்து, முட்டிக்கொண்டால் திரும்பி வருவோம். எக்ஸ்-விங்கில் எதையும் எழுதவில்லை. இரண்டு வழிக்கும் பொதுவாக எது உண்மையோ அதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

## போலி எக்ஸ்-விங்

இப்போது முதல் ஆளிடம் வருவோம், 'நாலு மூலையிலும் இருந்தால் போதும்' என்றாரே அவர். எட்டு 4-களை அழிப்பதற்கு முன்பு இருந்த நிலைக்குத் திரும்பி, 2-ஆம் வரிசையையும் 9-ஆம் வரிசையையும் எடுத்துக்கொள்ளுங்கள். (2,3), (2,8), (9,3), (9,8) நான்கிலும் 4 இருக்கிறது. அழகான செவ்வகம். அவர் சொன்னபடி 3-ஆம், 8-ஆம் பத்திகளில் மற்ற 4-களை அழித்தால் (5,3)-இலும் (5,8)-இலும் 4 போய்விடும். 5-ஆம் வரிசைக்கு 4 வைக்க இடமே இருக்காது. (5,8)-இன் விடையே 4 என்று மேலே பார்த்தோம். சரியான விடையை நம் கையாலேயே அழித்துவிட்டோம்.

என்ன தவறு? 9-ஆம் வரிசையில் 4-க்கு மூன்றாவதாக ஓர் இடம் இருந்தது, (9,4). செவ்வகத்தின் மூலைகள் நான்கும் சரி, ஆனால் அந்த வரிசையின் 4 செவ்வகத்துக்கு வெளியே போக வழியிருந்தது. கடைசியில் வெளியேதான் போனது. கல்யாண வீட்டுக் கணக்கில் சொன்னால், சித்தப்பா 'நான் ரயிலில்கூட வந்துடுவேன்' என்று சொல்லியிருக்கிறார். அப்படியிருக்க, ஒரு முன் ஸீட் காலியாகலாம். பிள்ளைகளை விரட்ட நமக்கு உரிமையில்லை.

ஆகவே மூலையைப் பார்ப்பதைவிட முக்கியம், அந்த வரிசையின் மற்ற கட்டங்களைப் பார்ப்பது. அந்த எண்ணுக்கு அந்த வரிசையில் சரியாக இரண்டே இடம் இருக்க வேண்டும். பத்திகளில் எத்தனை 4 வேண்டுமானாலும் இருக்கலாம். அவை இருந்தால்தான் அழிக்க நமக்கு ஏதாவது கிடைக்கும்.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. மூலைக் கட்டத்தில் இரண்டே வாய்ப்பு எண்கள்தான் இருக்க வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். நம் உதாரணத்தில் 2-ஆம் வரிசையின் இரண்டு கட்டங்களிலும் 4, 5 மட்டுமே இருந்ததால் அப்படித் தோன்றலாம். அது தற்செயல். மூலைக் கட்டத்தில் ஐந்தாறு எண்கள் நெரிசலாக இருந்தாலும் பரவாயில்லை. கட்டத்துக்குள் எத்தனை எண் என்பது வேறு கேள்வி, வரிசைக்குள் அந்த ஓர் எண்ணுக்கு எத்தனை கட்டம் என்பது வேறு கேள்வி. எக்ஸ்-விங் கேட்பது இரண்டாவதை.

## தாளைத் திருப்பிப் பாருங்கள்

நீங்கள் எழுதிவைத்த தாளைக் கால் சுற்று திருப்புங்கள். வரிசைகள் பத்திகளாகிவிட்டன, பத்திகள் வரிசைகளாகிவிட்டன. எண்கள் சாய்ந்து கிடக்கின்றனவே தவிர, புதிர் செல்லுபடியாகத்தான் இருக்கிறது. நம் எக்ஸ்-விங்கும் அப்படியே இருக்கிறது. ஆனால் இப்போது 4-க்கு இரண்டே இடம் இருப்பது இரண்டு பத்திகளில். அழிக்க வேண்டியவை இரண்டு வரிசைகளில் கிடக்கின்றன.

எக்ஸ்-விங்கின் இன்னொரு வடிவம் என்று தனியாகச் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: எந்தத் திசையில் 'இரண்டே இடம்' என்று எண்ணினோமோ, அதற்குக் குறுக்குத் திசையில் அழிக்க வேண்டும். வரிசையில் எண்ணினால் பத்தியில் அழிப்பு. பத்தியில் எண்ணினால் வரிசையில் அழிப்பு. எண்ணிய திசையிலேயே அழிக்கப் போனால் அங்கே ஒன்றும் இருக்காது. இரண்டே இடம் என்று சொல்லித்தானே ஆரம்பித்தோம்! அழிக்க ஏதாவது இருந்தால் எண்ணியதே தப்பு என்று அர்த்தம்.

## தேடும்போது

செவ்வகத்தைக் கண்ணால் தேடாதீர்கள். பொடி எண்கள் நிறைந்த தாளில் செவ்வகங்கள் எங்கே பார்த்தாலும் தெரியும், பெரும்பாலானவை போலி. ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு ஒன்பது வரிசையையும் மேலிருந்து கீழே பார்த்து, இரண்டே இடம் உள்ள வரிசைகளை மட்டும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 4-க்கு நாம் குறித்திருந்தால் "2: 3, 8" என்றும் "5: 3, 8" என்றும் இரண்டே குறிப்பு வந்திருக்கும். இரண்டு குறிப்பில் பத்தி எண்கள் அச்சாக ஒன்றுபோல இருந்தால் எக்ஸ்-விங். ஓர் எண்ணாவது மாறினால் இல்லை. வரிசையில் கிடைக்காவிட்டால் அதே எண்ணுக்குப் பத்திவாரியாக ஒருமுறை. இதைச் செய்வதற்கு முன் எல்லாக் காலிக் கட்டத்திலும் வாய்ப்பு எண்கள் முழுமையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். பாதி எழுதிய தாளில் எக்ஸ்-விங் தேடுவது தேடாமல் இருப்பதைவிட மோசம்.

ஏன் என்று நம் புதிரிலேயே பார்க்கலாம். (9,4)-இல் பொடி 4 எழுத மறந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். அப்போது 9-ஆம் வரிசையிலும் 4-க்கு இரண்டே இடம் போலத் தெரியும், "9: 3, 8" என்று மூன்றாவது குறிப்பு ஓரத்தில் ஏறும். மூன்று வரிசைகள், மூன்று 4-கள், ஆனால் பத்திகள் இரண்டு. ஒரு பத்திக்கு ஒரு 4தான். மூன்று பேர் இரண்டு முன் ஸீட்டில் உட்கார முடியாது. இப்படி ஒரே ஜோடி மூன்று வரிசையில் வந்தால் ஆனந்தப்படாதீர்கள். எங்கோ ஒரு பென்சில் எண் விடுபட்டிருக்கிறது, அல்லது முன்பே தவறாக அழிந்திருக்கிறது. தாளை மீண்டும் சரிபார்க்க வேண்டிய இடம் அது.

## கிடைத்தும் கைக்கு ஒன்றும் வராத எக்ஸ்-விங்

நம் புதிரில் 1 என்ற எண்ணைப் பாருங்கள். 4-ஆம் வரிசையில் காலிக் கட்டம் ஐந்து. அதில் 4, 5, 7 ஆகிய பத்திகளில் ஏற்கெனவே 1 இருக்கிறது. ஆக 1-க்கு (4,8), (4,9) இரண்டே இடம். 7-ஆம் வரிசையிலும் ஐந்து காலி. கீழ் இடது பெட்டியில் (9,2)-இல் 1 உட்கார்ந்திருப்பதால் (7,2), (7,3) போய்விடும். 7-ஆம் பத்தியில் 1 இருப்பதால் (7,7)-உம் போகும். மிஞ்சியது (7,8), (7,9). "4: 8, 9", "7: 8, 9". விதிப்படி அப்பழுக்கற்ற எக்ஸ்-விங்.

சரி, அழிக்கலாம் என்று 8-ஆம், 9-ஆம் பத்திகளைப் பார்த்தால் அங்கே வேறு 1 ஒன்றுகூட இல்லை. கண்டுபிடித்ததற்குப் பலன் பூஜ்யம்.

இது துரதிர்ஷ்டம் இல்லை. 1 இந்தப் புதிரில் ஏழு இடத்தில் விழுந்துவிட்டது. ஏழு 1-கள் ஏழு வரிசைகளையும் ஏழு பத்திகளையும் எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது இரண்டு வரிசை, இரண்டு பத்தி, அவை வெட்டிக்கொள்ளும் நான்கு கட்டங்கள். அந்த நான்குக்கு வெளியே அந்த எண்ணுக்கு இடமே இருக்காது, அழிக்கவும் எதுவும் இருக்காது. ஏறக்குறைய முடிந்துவிட்ட எண்களில் எக்ஸ்-விங் தேடி மாய்வது இதனால்தான் வீண். அதைவிட, நம் 4 மாதிரி ஒன்றிரண்டுகூட விழாமல் தாள் முழுக்கப் பரவிக் கிடக்கும் எண்ணை முதலில் எடுத்துப் பாருங்கள்.